மணல் கழுவிய தண்ணீர்

என் வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கப் போய், அதில் அரை வாளியை மிச்சம் வைத்துவிட்டு வருகிற மனிதர். கல்யாணமான புதிதில் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது, இந்த ஆள் உள்ளே குளிக்கிறாரா, கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வருகிறாரா என்று. அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்குப் போகும். துணி அலசிய தண்ணீர் கக்கூஸுக்குப் போகும். தம்ளரில் யாராவது ஒரு வாய் மிச்சம் வைத்தால் அதை எடுத்துக் குடித்துவிட்டுத்தான் தம்ளரைக் கழுவப் போடுவார். எங்கள் அப்பா என்னைக் காசுக் கஞ்சனுக்குக் கொடுத்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன், தண்ணிக் கஞ்சனுக்குக் கொடுத்துவிட்டாரே என்று அவர் காதுபடவே சொல்வேன். அவர் சிரிப்பார், ஆனால் வாளியில் அளவு கூடாது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் அந்த வருஷங்களில் குழாயில் பத்து நாளுக்கு ஒருமுறை, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். தண்ணி வருகிற நாளில் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகிற பெண்கள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் குடத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர் பிறந்த ஊரில் குடிதண்ணீருக்கே ஒன்றரை மைல் நடக்க வேண்டுமாம். அப்படி வளர்ந்தவருக்குக் கடைசியில் கிடைத்த வேலை நீச்சல் குளம் பார்த்துக்கொள்வது.

அதற்கு முன்னால் அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில் இருந்தார். அந்த அறையில் வேலை செய்கிறவர்கள் எடை போடுகிறதைப் பார்க்க வேண்டும். கை நடுங்காது, பேச்சு இருக்காது, ஒரு சிட்டிகை கூடினாலும் மறுபடி முதலிலிருந்து நிறுப்பார்கள். எங்கள் மகள் பிறந்த மாதம், பக்கத்துக் கம்பெனியில் ஒரு விபத்து. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை பெற்றுப் படுத்திருந்தேன். யார் யார் எப்படி வந்தார்கள் என்று கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி அந்த வாசலை மிதித்தால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று. அப்போதுதான் சிவகாசி ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் குளம் கட்டி முடித்திருந்தது. குடிக்கத் தண்ணி இல்லை, குதிக்கத் தண்ணியா என்று ஊரே கேலி செய்தது. இவர் போய்ச் சேர்ந்துகொண்டார்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காலையில் போனால் சளி மாதிரிகள் வரிசையாக இருக்கும். காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் ஏற்றி, ஆசிட்டில் கழுவி, நீலச் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காகச் செய்து செய்து என் கை தானாகவே செய்யும். மலம், மூத்திரம், ரத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குளத்தைப் பற்றி வீட்டில் அவர் பேசாத நாள் இல்லை. தண்ணீரை பம்பு இழுத்து, உள்ளே மணல் நிரப்பிய ஒரு பெரிய மூடிய உருளை வழியாக விட்டு, வடிகட்டி மறுபடி குளத்துக்கே அனுப்பும். அதோடு குளோரின் பவுடரைக் கரைத்து விடுவார். காலையும் மாலையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீர் பிடித்து, மருந்து சொட்டுவிட்டு, வருகிற மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதுவார். கம்பெனியில் மருந்து நிறுத்த அதே கவனத்தோடு பவுடரையும் நிறுப்பார். நாள்பட மணலில் அழுக்கு ஏறிப் போனால் தண்ணீரைத் தலைகீழாக ஓட விட்டு மணலைக் கழுவ வேண்டும். அதற்கு பேக்வாஷ் என்று பெயர். டீத்தண்ணி நிறத்தில் வருகிற அந்த அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட வேண்டும் என்று குளம் கட்டிக்கொடுத்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதை மட்டும் இவரால் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு தடவை மணல் கழுவும்போதும் எத்தனையோ குடும்பம் குடிக்கிற தண்ணீர் போகிறது. குளத்துக்கு வருவதோ ஆமத்தூர்ப் பக்கத்துக் கிணற்றிலிருந்து லாரியில் வருகிற தண்ணீர். முதல் மாதம் திறந்துவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இரண்டாவது மாதம் ஒரு கொத்தனாரைப் பிடித்து பம்பு ரூமுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டவைத்தார். மணல் கழுவிய தண்ணீர் அந்தத் தொட்டிக்குப் போகும். ஒரு நாள் தெளியவிட்டால் வண்டல் அடியில் தங்கிவிடும். கூடுதலாக ஒரு கை குளோரின் போட்டு, மேலே இருக்கிற தெளிந்த தண்ணீரை மறுபடி குளத்துக்கு ஏற்றிவிடுவார்.

பள்ளி ஆண்டு விழாவில் தாளாளர், அதாவது அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர், இவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். தண்ணீரை எப்படி மதிக்க வேண்டும் என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். நானும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினோம். அந்தப் பொன்னாடையை மடித்து பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு மேலே வைத்தார். தினமும் கிருமியோடு குடித்தனம் நடத்துகிற எனக்குக்கூட அந்தத் தொட்டியைப் பற்றி ஒரு சந்தேகம் வரவில்லை. அதுதான் குளோரின் போடுகிறாரே என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, அந்த வருஷ மே மாதத்தில் நீச்சல் வகுப்பு நடந்தது. எங்கள் மகளுக்கு ஏழு வயது. அப்பா அங்கே இருப்பதால் அவளுக்கும் இடம் கிடைத்தது. காலையில் போனால் உள்ளங்கையெல்லாம் சுருங்கிப்போய் வருவாள். வகுப்பு ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும், ஒவ்வொரு பிள்ளையாக வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். தண்ணீர் தண்ணீராகப் போகும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளும், லேசாகக் காய்ச்சல். ஐஸ் தின்றிருக்கும், மாம்பழம் தின்றிருக்கும், சூடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாதிரிகள் எல்லாம் என்னிடம்தான் வந்தன. ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன், அயோடினில் பார்த்தேன். அமீபா இல்லை, புழு முட்டை இல்லை. சின்னச் சின்ன உருண்டைகள் சில தெரிந்தன. ஈஸ்ட்டாக இருக்கும் என்று விட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். வழக்கமாகப் பேதிக்குக் கொடுக்கிற மாத்திரை எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மகள் ஒரே நாளில் வாடிப்போனாள். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தால்தான் தங்கியது. அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தார். ஒரு கரண்டி, அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அப்புறம் இன்னொரு கரண்டி. ஒரு வாய் மிச்சம் வைக்க விடாத மனிதர், அவள் துப்பிய தண்ணீரையெல்லாம் ஒன்றும் சொல்லாமல் துடைத்தார். ஆறாம் நாள் நின்றது. எட்டாம் நாள் குளத்துக்குப் போகணும் என்று அழுதாள். அவர் வேண்டாம் என்றார். நான்தான், நின்னுபோச்சுல்ல, போகட்டும், வீட்டில இருந்தா என் உசுரை வாங்குறா என்று அனுப்பினேன். நான்கு நாளில் மறுபடியும் வயிறு போக ஆரம்பித்தது.

அதற்குள் பெற்றோர்கள் கூடிப் பேசிவிட்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக இருந்தது குளம் ஒன்றுதான். குளம் பார்க்கிற ஆள் குளோரின் போடுவதில்லை, பவுடரை வெளியில் விற்றுவிடுகிறான் என்று பேச்சு கிளம்பியது. சுகாதார ஆய்வாளர் வந்து சோதித்தார். மஞ்சள் நிறம் சரியாகவே வந்தது. சரியாக இருக்கிறது என்று அவர் எழுதியும் கொடுத்தார். உடனே பேச்சு மாறியது. சோதனை என்று தெரிந்ததும் அள்ளிக் கொட்டியிருப்பான், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது என்றார்கள். காரணம் தெரிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று தாளாளர் சொல்லியனுப்பினார்.

அவர் அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஒரு நாள் விடாமல் காலை, மாலை, எத்தனை மஞ்சள், எத்தனை பவுடர் என்று எழுதியிருந்தது.

"நீ படிச்சவ. இதப் பார்த்துச் சொல்லு பிள்ள. நான் எங்கனயாவது விட்டிருக்கேனா?"

விடவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஊரே சொல்கிறபோது தன் கையின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. மருந்து அறையில் பத்து வருஷம் ஒரு தப்பு செய்யாத கை அது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெற்றோர் வீடு ஒவ்வொன்றுக்கும் போய்ச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் பிள்ளை படுத்துக் கிடந்ததால் எங்கேயும் போகவில்லை.

மறுநாள் லேபில் கோபத்தைத் தட்டு முட்டுச் சாமான்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதமே ஆகியிருந்த டாக்டரம்மா உள்ளே வந்து என்ன விஷயம் என்று கேட்டார். என்னைவிடச் சின்னப் பெண். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குளோரினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மாதிரியில் சின்ன உருண்டை ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார். ஈஸ்ட் பார்த்தேன் என்றேன். டி.பி.க்குப் போடுகிற சாயத்தை இதற்குப் போட்டுப் பாருங்கள் என்றார். மலத்துக்கு யாராவது டி.பி. சாயம் போடுவார்களா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. மதுரையில் எய்ட்ஸ் நோயாளிகள் வார்டில் வேலை பார்த்தபோது இதில் பலரை இழந்திருக்கிறோம், போட்டுப் பாருங்கள் என்றார். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

மகளின் மாதிரியைத்தான் முதலில் எடுத்தேன். சிவப்புச் சாயம் விட்டு, சூடு காட்டி, ஆசிட் ஊற்றி, நீலம் விட்டேன். எண்ணெய் விட்டு லென்ஸை இறக்கிப் பார்த்தால் எல்லாம் நீலம். ஒன்றுமில்லை என்று சொல்லப் போனேன். டாக்டரம்மா என் மேஜையைப் பார்த்துவிட்டு எந்த ஆசிட் ஊற்றினீர்கள் என்று கேட்டார். என் கை வழக்கம்போல டி.பி. பாட்டிலைத்தான் எடுத்திருக்கிறது. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு ஆசிட், பிடித்து வைத்த நேரமும் சளிக்கு வைக்கிற நேரம். காசநோய்க் கிருமி அதைத் தாங்கும், இது அவ்வளவு தாங்காது, ஏறிய சிவப்பு இறங்கிப் போய்விடும், நூற்றுக்கு ஒரு பங்காகக் கரைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மட்டும் வையுங்கள் என்றார்.

இரண்டாவது ஸ்லைடில் தெரிந்தன. நீல நிறத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்பு உருண்டைகள். ரத்த அணுவைவிடச் சின்னது, பாதிக்குச் சற்றுப் பெரியது. ஒவ்வொரு இடத்துக்கும் நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தன. ஈஸ்ட்டாக இருந்தால் நீலமாகியிருக்கும். என் பிள்ளையின் வயிற்றில் இருந்தது இத்தனை நாள் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷமா, அழுகையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று வந்த மற்றப் பிள்ளைகளின் மாதிரியையும் அதே மாதிரி பார்த்தேன். பெரும்பாலானவற்றில் அதே உருண்டைகள் இருந்தன.

அதன் பெயர் கிரிப்டோஸ்போரிடியம். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு விளக்கிச் சொன்னார். வெளியே வரும்போது அது கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும். மற்ற பேதிக் கிருமிகள் குளத்தில் இருக்கிற குளோரினில் சில நிமிஷங்களில் செத்துவிடும். இது அதே தண்ணீரில் நாள்கணக்கில், ஒரு வாரத்துக்கும் மேலேகூட உயிரோடு இருக்கும். மஞ்சள் நிறம் சரியாக வந்தால் குளோரின் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், இது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வயிற்றுப்போக்கு இருக்கிற ஒரு பிள்ளை குளத்தில் இறங்கினால் கோடிக்கணக்கில் தண்ணீரில் கலக்கும். நீந்தப் பழகுகிற பிள்ளை ஒரு வாயாவது முழுங்காமல் இருக்காது, நோய் வர அதில் கொஞ்சமே போதும். ஆற்றுத் தண்ணீர் ஓடிவிடும், குளத்துத் தண்ணீர் அங்கேயேதான் சுற்றும். அதனால்தான் நன்றாகப் பராமரிக்கிற குளத்திலும் இது வருகிறது என்றார். வயிறு நின்ற பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல்கூடப் பிள்ளையிடமிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும் என்று அவர் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குடிதண்ணீர் என்ன ஆவது என்று கேட்டேன். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் இதை நம்பக்கூடாது, கொதிக்க வைத்துக் குடியுங்கள், தண்ணீர் தளதளவென்று கொதித்தால் இது செத்துவிடும் என்றார். முதலில் எங்கிருந்து வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. லாரித் தண்ணீர் எடுக்கிற கிணற்றை ஒட்டி மாட்டுக் கொட்டகை இருந்தது, கன்றுக்குட்டிக் கழிச்சலிலும் இது இருக்கும். ஒரு பிள்ளை வேறெங்கோ வாங்கிக்கொண்டும் வந்திருக்கலாம். கடைசி வரைக்கும் அது தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரிடம் சொன்னேன், உங்க மேல தப்பில்லை, நீங்க போட்ட குளோரின் சரிதான், இந்தச் சனியன் குளோரினுக்குச் சாகாது என்று. அவர் முகத்தில் அத்தனை நாள் கழித்து ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். "அப்ப நான் ஒழுங்காத்தான் போட்டிருக்கேன்" என்று இரண்டு தடவை சொன்னார். மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் தோசை வார்த்துப் போட்டேன். இரண்டாவது தோசையில் கேட்டார், அது எம்புட்டுப் பெரிசு, மணல்ல சிக்குமா என்று.

கொஞ்சம் சிக்கும், கொஞ்சம் தப்பிப் போகும் என்றேன்.

"சிக்கினது மணலைக் கழுவையில வெளிய வந்துரும்ல?"

நான் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் தோசை தீய்ந்தது. வண்டல் தங்கிவிடும், ஆனால் இவ்வளவு சின்னது, இவ்வளவு லேசானது ஒரு நாளில் எங்கே தங்கப் போகிறது? தெளிந்த தண்ணீர் என்று அவர் பார்த்துப் பார்த்து ஏற்றிய தண்ணீரில்தான் அது நின்றிருக்கும். மணல் பிடித்துக் கொடுத்ததை எல்லாம் சேர்த்துவைத்து அவர் கையாலேயே மறுபடி குளத்தில் விட்டிருக்கிறார். கூடுதலாகப் போட்ட ஒரு கைக் குளோரின் அதை ஒன்றும் செய்திருக்காது. அவர் தோசையைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். ஒரு பருக்கைச் சோற்றைக்கூட மிச்சம் வைக்காத மனிதர்.

டாக்டரம்மா சொல்லியனுப்பியதால், விடிந்ததும் தாளாளர் அறையில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். கிளம்பும்போது நான் அவரிடம் சொன்னேன். அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"உங்க மேல தப்பில்லைன்னு டாக்டரம்மாவே சொல்லப் போறாக. நீங்க தொட்டிப் பேச்சை எடுக்க வேண்டாம். பேசாம அதைக் காலி பண்ணிருங்க, யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

தாளாளர், சுகாதார ஆய்வாளர், பெற்றோர் சார்பில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்ராஸ்கோப்பை மேஜையில் வைத்து ஸ்லைடைக் காட்டினேன். டாக்டரம்மா எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னார். நோட்டை விரித்து, இந்த மனிதர் குளோரின் போட்டதில் ஒரு குறையும் இல்லை என்றார். பெற்றோரில் ஒருவர் எழுந்து வந்து, மனசுல வச்சுக்கிடாதீக அண்ணாச்சி என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தாளாளரும் நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்துவிட்டது. நான் மனசுக்குள் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் அந்தப் பெற்றோரின் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு சொன்னார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். மணல் கழுவின தண்ணிய வெளிய விடாம, நான்தான் தெளிய வச்சுத் திரும்பக் குளத்துல ஏத்தினேன். மணல் பிடிச்சு வச்சதை நானே பிள்ளைகளுக்குக் குடுத்திருக்கேன்."

டாக்டரம்மாதான் தொட்டி எங்கே இருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏற்றினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசி வாரம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் எப்படி வந்தது என்று தனக்குப் புரியாமல் இருந்ததாகச் சொன்னார். இதை நீங்கள் சொல்லாவிட்டால் குளத்தைச் சுத்தம் செய்து திறந்த மறுவாரமே மறுபடி வந்திருக்கும் என்றார்.

எனக்கு அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் எழுந்தேன். என் பிள்ளைக்கு வயிறு நின்ற இரண்டாம் நாளே குளத்தில் இறக்கிவிட்டது நான், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றேன். முதல் மாதிரிகளில் உருண்டையைப் பார்த்தும் ஈஸ்ட் என்று விட்டதும் நான்தான் என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, உக்காரு பிள்ள என்று மெதுவாகச் சொன்னார்.

பெற்றோர்கள் கிளம்பிப் போனார்கள். அவர் கையில் வைத்திருந்த மஞ்சள் பையிலிருந்து பொன்னாடையை எடுத்து மேஜையில் வைத்தபோதுதான், விடியற்காலையிலேயே பீரோவைத் திறந்து எடுத்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தாளாளர் அதைத் திரும்ப எங்கள் பக்கமே நகர்த்தினார். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். சின்ன வயதில் குடம் தூக்கிய தழும்பு அவர் தோளிலும் இருந்திருக்கும்.

"இதை எடுத்துட்டுப் போப்பா. போத்தினவன் நான். அன்னைக்கு எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சா?"

வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அன்றைக்கு என் வீட்டுக்காரர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. வீடு வருகிற வரைக்கும் பொன்னாடை இருந்த பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா மதுரையில் தன் பேராசிரியரிடம் போனில் கேட்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். குளத்தைப் பூட்டி, யாரையும் இறங்க விடாமல், வழக்கத்தைவிடப் பல மடங்கு குளோரினை ஏற்றி, பம்பை ஓடவிட்டு, ஒரு பகல் முழுக்க அந்த அளவு குறையாமல் பிடித்து வைக்க வேண்டும். அந்த அளவில் அத்தனை மணி நேரம் இருந்தால்தான் அந்த ஓடு தாங்காது. தொட்டிக்கும் அதே வைத்தியம். அதற்கப்புறம் குளோரின் தானாக இறங்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இனிமேல் மணல் கழுவுகிற தண்ணீர் ஒரு சொட்டும் குளத்துக்குத் திரும்பக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளை, நின்று இரண்டு வாரம் ஆகாமல் இறங்கக் கூடாது என்று வாசலில் பலகை வைக்க வேண்டும். அந்தப் பலகையை நான் எழுதினேன்.

அளவைப் பிடித்து வைக்கிற வேலைக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் எடுத்து, சோதித்து, நிறுத்துப் போட்டார். தொட்டியிலிருந்து குளத்துக்குப் போகிற குழாயை அவரே ரம்பத்தால் அறுத்தார். வெளியே கருவேலங்காட்டுக்குள், கிணறு எதுவும் இல்லாத பக்கமாக, ஒரு பள்ளம் வெட்டி அதற்குப் புதுக்குழாய் போட்டார்கள்.

நான்கைந்து நாள் கழித்து, குளோரின் இறங்கிய பிறகு, மணலைக் கழுவ வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு வயிறு சரியாகிவிட்டிருந்தது, ஆனால் எலும்பும் தோலுமாக இருந்தாள். குளத்தின் பக்கம் போகக்கூடாது என்று சொல்லி பம்பு ரூம் வாசலில் நிறுத்தினேன். அவர் வால்வில் கையை வைத்தார். திருப்பவில்லை. வைத்த கையோடு அப்படியே நின்றார். நான் போய் அதன்மேல் என் கையை வைத்தேன். சேர்ந்து திருப்பினோம்.

டீ நிறத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு முள்ளுக்குள் ஓடியது. உருளையின் பக்கத்தில் இருந்த சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெளிகிற வரைக்கும் விட வேண்டும். ஐந்து நிமிஷம் என்பது அத்தனை நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வறண்ட தரை குடிக்க முடியாமல் பள்ளம் நிரம்பிக்கொண்டிருந்தது. மகள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவரிடம் படித்த பாடம்தான்.

"அப்பா, தண்ணி வீணாப் போகுதே."

அவர் குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மெலிந்துபோன அவள் வயிற்றை ஒரு கையால் தடவிக் கொடுத்தார்.

"இது வீணில்லை, தாயி."

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெளிந்த பிறகும் அவர் வால்வை மூடவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் ஓடட்டும் என்றார்.